மேனேஜர் திறக்கும் சப்ஜெக்ட் எது? ஒரே மெயிலுக்கு ஐந்து வகை, ஓர் ஒப்பீடு

எங்கள் டீமில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் வந்து, "அண்ணா, நான் அனுப்புற மெயிலை மேடம் திறக்கவே மாட்டேங்கிறாங்க. சப்ஜெக்ட்ல 'அவசரம்'னு போடட்டுமா, இல்ல கேள்வியா எழுதட்டுமா?" என்று கேட்டார். இதே குழப்பத்தை வேறு பலரிடமும் பார்த்திருக்கிறேன். 'தொடர்பாக' என்று எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. கொஞ்சம் அழுத்திச் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. நடுவில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அந்த மேடம் மெயில் பார்ப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மீட்டிங் முடிந்து அடுத்ததற்குப் போக லிஃப்டுக்குக் காத்திருந்தார். கட்டைவிரல் போன் திரையில் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மெயிலுக்கும் அவர் கண்ணில் பட்டவை மூன்றுதான்: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்டின் முன்பாதி, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெயிலின் முதல் வரி. இரண்டை அங்கேயே திறந்து பதில் போட்டார். ஒன்றைக் கொடியிட்டு வைத்தார். மற்றவை அப்படியே நகர்ந்து போய்விட்டன. நம் சப்ஜெக்ட் வேலை செய்ய வேண்டிய இடம் அந்த லிஃப்ட் வாசல். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவோம்.

## எடுத்துக்கொள்ளும் மெயில்

பொதுவாகப் பேசினால் எல்லா வகையும் நன்றாகத்தான் தோன்றும். அதனால் ஒரே மெயிலை எடுத்துக்கொள்கிறேன்.

இன்று 14ஆம் தேதி. பேக்கப் சர்வரின் டிஸ்க் 91 சதவீதம் நிரம்பிவிட்டது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 சதவீதம் ஏறுகிறது. அப்படியானால் 23ஆம் தேதி இடம் தீர்ந்து பேக்கப் நின்றுவிடும். புது டிஸ்க் ஆர்டர் போட்டால் வந்துசேர 5 நாள், பொருத்திச் சரிபார்க்க 2 நாள், ஆக 7 நாள் வேண்டும். 23இலிருந்து 7ஐக் கழித்தால் 16. அன்றைக்குள் மேனேஜர் ஒப்புதல் தர வேண்டும். கேட்பது 2 டிஸ்க்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு.

முதலாவது, முதல் 25 எழுத்தில் என்ன தெரிகிறது என்பது. போனில் நிமிர்த்திப் பிடித்த திரையில் ஆங்கிலச் சப்ஜெக்ட் பொதுவாக 35, 40 எழுத்து வரை தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் அதே இடத்தில் இன்னும் குறைவாகத்தான் அடங்கும். போனுக்குப் போன் இது மாறும். 25 என்று வைத்துக்கொண்டு எழுதினால் ஏமாற மாட்டோம். இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'வாங்கலாமா', 'வேண்டும்', 'நின்றுவிட்டது' எல்லாம் வரியின் முடிவில். போன் வெட்டுவதும் முடிவைத்தான். என்ன வேண்டும் என்று சொல்லும் அந்த ஒரு சொல் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது, படிப்பவர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்பது திறக்காமலே புரிகிறதா?

மூன்றாவது, மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்குமா? 'அந்த டிஸ்க் விஷயம் எப்போது ஒப்புதல் ஆனது' என்று கேட்கும்போது சப்ஜெக்டில் 'டிஸ்க்' என்ற சொல்லாவது இருக்க வேண்டும்.

நான்காவது, சப்ஜெக்ட் சொன்னதை மெயில் நிறைவேற்றுகிறதா? இல்லாவிட்டால் இந்த மெயில் திறக்கப்படும், அடுத்த மெயிலுக்கு அடி விழும்.

| வகை | நம் மெயிலுக்கு | என்ன செய்வது, எப்போதுக்குள் | தேடினால் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| பெயர்ப்பலகை | பேக்கப் சர்வர் டிஸ்க் நிலவரம் | தெரியாது | கிடைக்கும் | தகவல் என்று நினைத்துத் தள்ளிவைப்பார் |
| கோரிக்கை | ஒப்புதல் 16க்குள்: பேக்கப் சர்வருக்கு 2 டிஸ்க் | இரண்டும் தெரியும் | கிடைக்கும் | அடிக்கடி போட்டால் மதிப்பு இறங்கும் |
| செய்தி | பேக்கப் 23ஆம் தேதி நின்றுவிடும் | நிற்கும் நாள் தெரியும், வேலையும் கெடுவும் தெரியாது | ஓரளவு | பதற்றம். பூட்டிய திரையிலும் தெரியும் |
| கேள்வி | பேக்கப் சர்வருக்கு 2 டிஸ்க் வாங்கலாமா? | வேலை தெரியும், நாள் தெரியாது | கிடைக்கும் | 'வேண்டாம்' என்பதும் சுலபம் |
| ஆவல் தூண்டல் | ஒரு முக்கியமான விஷயம் | தெரியாது | கிடைக்காது | நம்பிக்கை போய்விடும் |

## பெயர்ப்பலகை: 'பேக்கப் சர்வர் டிஸ்க் நிலவரம்'

நம்மில் பெரும்பாலோர் பழகியது இதுதான். பள்ளியில் கடிதம் எழுதும்போது 'பொருள்: ... தொடர்பாக' என்று எழுதிய பழக்கம். நேர்மையானது, யாரையும் உறுத்தாது, பின்னால் தேடவும் வசதி. முடிவு கேட்கும் மெயிலுக்கு மட்டும் உதவாது. 'நிலவரம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மேனேஜர் மனதில் அது தகவல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். "மெயில் பார்த்தேன்ப்பா, ரிப்போர்ட்னு நினைச்சேன்" என்று ஒரு மேனேஜர் என்னிடமே சொல்லியிருக்கிறார். திறக்காதது அவர் தப்பில்லை. நான் ஒட்டிய லேபிள் அப்படி.

வாராந்திர அறிக்கை, மீட்டிங் குறிப்பு, கோப்பு அனுப்புதல் போன்ற, யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத மெயில்களுக்கு இதுவே சரியான வகை. அதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: 'மாதாந்திர பேக்கப் அறிக்கை – ஜூன்' என்று எழுதினால் மாறுகிற ஒரே சொல்லான 'ஜூன்' கடைசியில் போய்விடும், இன்னும் ஓரிரு சொல் கூடினாலே அது வெட்டுப்படும். 'ஜூன் பேக்கப் அறிக்கை' என்று எழுதிவிட்டால் போதும்.

## கோரிக்கை: 'ஒப்புதல் 16க்குள்: பேக்கப் சர்வருக்கு 2 டிஸ்க்'

நம் மெயிலுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதை. 30 எழுத்து இருக்கிறது. 25இல் வெட்டினாலும் 'ஒப்புதல் 16க்குள்: பேக்கப் சர்வருக்கு' வரை நிற்கிறது, போவது '2 டிஸ்க்' மட்டும். வினைச்சொல் வெட்டுப்படும் சிக்கலும் இதில் இல்லை. 'ஒப்புதல் தர வேண்டும்' என்று முடிவில் எழுதாமல் 'ஒப்புதல்' என்ற பெயர்ச்சொல்லை முன்னால் தூக்கி வைத்துவிட்டோம். ஒப்புதல், பதில், கையெழுத்து, திருத்தம், முடிவு, தகவலுக்கு என்ற ஐந்தாறு சொற்களுக்குள் அலுவலக மெயில் கிட்டத்தட்ட எல்லாமே அடங்கிவிடும். டீமில் எல்லோரும் அதே சொற்களை அதே இடத்தில் வைத்தால், மேனேஜர் இன்பாக்ஸில் 'ஒப்புதல்' என்று தேடி வரிசையாக முடித்துவிடுவார்.

நாள் எழுதுவதில் கவனம் வேண்டும். 'நாளைக்குள்' என்று எழுதாதீர்கள். நீங்கள் மாலை 7 மணிக்கு அனுப்பியதை அவர் மறுநாள் காலை படித்தால், அவருடைய நாளை வேறு நாள். 'வெள்ளிக்குள்' என்பதும் சனிக்கிழமை படிப்பவருக்கு அடுத்த வெள்ளி. தேதி எண் மாறாது.

இதன் மறைவான செலவுதான் பலர் பார்க்காமல் விடுவது. கெடு உண்மையாக இருக்க வேண்டும். நம் 16க்குப் பின்னால் 5 நாள், 2 நாள் என்ற கணக்கு இருக்கிறது, கேட்டால் சொல்லலாம். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் முன்னதாகவே தேதி போடுவேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற எண்ணம். மூன்று முறை கெடு தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது முறை நிஜமாகவே நேரமில்லை, அப்போது மேனேஜர் அதையும் அந்த மூன்றைப் போலவே எடுத்துக்கொண்டார். அந்த வாரம் ஒரு இரவு முழுக்கச் சர்வர் அறையில் உட்கார்ந்து பழைய கோப்புகளை அழித்து இடம் பண்ணினேன்.

'அவசரம்' என்ற சொல்லும் இப்படித்தான். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்: வேண்டாம். 16 என்ற எண் சொல்லாத எதையும் அந்தச் சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. மேலும், ஏமாற்று மெயில்களைக் கண்டுபிடிக்கும் பயிற்சிகளில் முதலில் காட்டப்படும் அடையாளங்களில் ஒன்று, காரணம் சொல்லாமல் அவசரப்படுத்துவது. அந்தப் பயிற்சி எடுத்த மேனேஜர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்குவார். அடுக்கிய ஆச்சரியக்குறிகளுக்கும் அதே கதி. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவதைக் கண்டுபிடிக்க, ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டியில் `SUBJ_ALL_CAPS` என்று ஒரு விதியே இருக்கிறது.

இன்னொன்று, மேலே உள்ளவருக்கு இது உத்தரவு மாதிரி கேட்குமோ என்ற தயக்கம். சப்ஜெக்டில் 'தயவுசெய்து' சேர்த்தால் ஏழெட்டு எழுத்து போகிறது. அந்த மரியாதையை மெயிலின் முதல் வரிக்கு விட்டுவிடுங்கள்.

## செய்தி: 'பேக்கப் 23ஆம் தேதி நின்றுவிடும்'

கண்ணை நிறுத்துவதில் ஐந்திலும் வலுவானது இது. 19 எழுத்துதான், வினைச்சொல் உட்பட எல்லாம் தெரியும். விளைவை முதலில் சொல்வதால் 'ஏன் இதை இப்போது படிக்க வேண்டும்' என்ற கேள்விக்கும் இடமில்லை. ஆனால் மேனேஜர் என்ன செய்ய வேண்டும் என்று இதில் இல்லை. அவர் திறப்பார், திறப்பதற்கு முன்பே யாரையாவது கூப்பிட்டு "என்னப்பா இது?" என்று கேட்கவும் கூடும். 2 டிஸ்க் வாங்கினால் தீர்ந்துவிடும் விஷயம் அரைமணி நேரப் பதற்றமாக மாறும்.

நேர்மையான செய்திக்கும் கிளிக்பெய்ட்டுக்கும் உள்ள எல்லையும் இங்கேதான் தெரிகிறது. 'பேக்கப் 23ஆம் தேதி நின்றுவிடும்' என்பது கணக்கு. 'நம் தரவு மொத்தமும் ஆபத்தில்' என்பது ஊதிப் பெருக்கியது. ஏற்கெனவே எடுத்த பேக்கப் எங்கேயும் போகப் போவதில்லை. எனக்கு ஒரு சோதனை உண்டு. சப்ஜெக்டை அப்படியே மெயிலின் முதல் வாக்கியமாக எழுதிப் பார்ப்பேன். கூடவே 'ஆனால்' என்று சேர்க்க வேண்டி வந்தால், சப்ஜெக்ட் உண்மையைவிட ஓரடி முன்னால் போய்விட்டது என்று பொருள்.

மறைவான செலவு இன்னொன்று. சப்ஜெக்ட் பூட்டிய போன் திரையில் அறிவிப்பாகத் தெரியும். மீட்டிங்கில் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் போட்டிருந்தால் மூலையில் எட்டிப் பார்க்கும். மெயிலை மறைகுறியாக்கி அனுப்பினாலும், வழக்கமான முறைகளில் சப்ஜெக்ட் மறைக்கப்படாமல் வெளியிலேயே இருக்கும். ஒருவரின் சம்பளம், ராஜினாமா, பாதுகாப்புக் குறை போன்றவற்றைச் செய்தி வகையில் எழுதவே கூடாது. அந்த இடத்தில் பெயர்ப்பலகையே நல்லது.

ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைச் சொல்லவும், ஒப்புதல் தேவையில்லாமல் மேனேஜர் தெரிந்து வைத்திருந்தால் போதும் என்னும் இடத்திலும் செய்தி வகை முதலிடம். 'பேக்கப் மறுபடி ஓடுகிறது, காலை 6:40 முதல்' என்று சப்ஜெக்ட் போட்டால் அவர் திறக்கவே தேவையில்லை. வேலை முடிந்தது.

## கேள்வி: 'பேக்கப் சர்வருக்கு 2 டிஸ்க் வாங்கலாமா?'

சரியாக 24 எழுத்து, மயிரிழையில் தப்புகிறது. இன்னும் ஒரு சொல் கூடினால் '-லாமா' வெட்டுப்பட்டு, கேள்வி என்பதே தெரியாமல் போய்விடும். வெளியிலிருந்து வரும் மெயில்களுக்கு முன்னால் தானாகவே `[EXTERNAL]` என்று ஒட்டும் அலுவலகங்களில் அதற்கே இடைவெளியோடு 11 எழுத்து போகும். அங்கே நம் கேள்வி 'பேக்கப் சர்வருக்கு 2' என்பதோடு நின்றுவிடும்.

சின்ன, ஆம் அல்லது இல்லை என்று முடியும் விஷயங்களில் இதைவிட வேகமான வகை இல்லை. லிஃப்ட் வாசலிலேயே 'சரி' என்று தட்டிவிடுவார். 'திங்கள் ரிவியூவை 11க்கு மாற்றலாமா?' என்பதற்கு மெயிலே தேவையில்லை, சப்ஜெக்டே மெயில்.

ஆனால் காரணம் தெரியாமல் பார்த்தால் 'வேண்டாம்' என்பதும் அதே வேகத்தில் வரும். 91 சதவீதம் என்று அவருக்குத் தெரிவதற்குள் "இந்த காலாண்டு வேண்டாம்" என்று பதில் போய்விடும். ஒருமுறை சொன்ன 'வேண்டாம்'-ஐத் திருப்புவது, முதலிலேயே விளக்கிக் கேட்பதைவிடக் கடினம். அதனால் பின்னணி ஏற்கெனவே தெரிந்தவரிடம் மட்டும் கேள்வி வகை. விடை நமக்கே தெரிந்த, விற்பனைக் கேள்விகள் ('உங்கள் பேக்கப் பாதுகாப்பாக இருக்கிறதா?') இந்த வகையில் சேராது. அது அடுத்த வகை.

## ஆவல் தூண்டல்: 'ஒரு முக்கியமான விஷயம்'

இதை ஏமாற்ற நினைத்து யாரும் எழுதுவதில்லை. என்ன எழுதுவது என்று தோன்றாமல் எழுதுவதுதான் அதிகம். 1994இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் ஆவல் என்று விளக்கினார். கிளிக்பெய்ட் அந்த இடைவெளியை வேண்டுமென்றே திறந்து வைக்கிறது. பொழுதுபோக்குக்குப் படிப்பவரிடம் அது பலிக்கலாம். வேலை நடுவில் இருப்பவருக்கு அது இன்னொரு வேலை.

இதிலேயே மோசமானது, யாரும் பதில் எழுதாத மெயிலுக்கு முன்னால் `Re:` என்று நாமே தட்டச்சு செய்வது. முன்பே பேசிக்கொண்டிருப்பது போன்ற தோற்றம் அது. அமெரிக்காவில் 2003இல் வந்த கேன்-ஸ்பாம் சட்டம், உள்ளே இருப்பதைப் பற்றித் தவறாக எண்ணவைக்கும் சப்ஜெக்டை வணிக மெயில்களுக்குத் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒருமுறை அப்படித் திறந்து ஏமாந்தவர் 'ஸ்பாம்' பட்டனை அழுத்திவிட்டால் நம் அடுத்த நேர்மையான மெயிலும் அங்கேயே போய் விழலாம். இந்த வகை பொருந்தும் சூழ்நிலை என்று மேனேஜருக்கு எழுதும் மெயிலில் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

## சப்ஜெக்டுக்குக் கீழே தெரியும் வரி

லிஃப்ட் வாசலில் அந்த மேடம் பார்த்த மூன்றாவது விஷயத்தை மறந்துவிடக் கூடாது. சாம்பல் நிற முதல் வரியில் பெரும்பாலான மெயில்கள் காட்டுவது 'வணக்கம் மேடம், நலமாக இருக்கிறீர்கள் என நம்புகிறேன்' என்பதைத்தான். அந்த இடத்தை வீணாக்காதீர்கள். நம் மெயில் இப்படித் தொடங்கும்:

'மேடம், 23ஆம் தேதி பேக்கப் சர்வரில் இடம் தீர்ந்துவிடும். 2 டிஸ்க் வாங்க உங்கள் ஒப்புதல் வேண்டும்.'

இப்போது கோரிக்கை சப்ஜெக்டிலும், செய்தி அதற்குக் கீழேயும் இருக்கின்றன. இரண்டு வகையின் பலமும் சேர்ந்து கிடைக்கிறது. பதற்றம் மட்டும் இல்லை, ஏனென்றால் தீர்வை அவர் முதலில் படித்துவிட்டார்.

## உங்களைத் தெரியாத மேனேஜராக இருந்தால்

மேலே சொன்னதெல்லாம் உங்கள் பெயரைப் பார்த்து 'நம்ம ஆள்' என்று தெரிந்தவருக்கு. முன்பின் தெரியாதவருக்கு 'ஒப்புதல் 16க்குள்' என்று எழுதினால் அது ஏமாற்று மெயில் போலத்தான் இருக்கும். அங்கே பெயர்ப்பலகையும் கேள்வியும் கலந்த ஒன்றுதான் ஓரளவு எடுபடும்: 'உங்கள் டெண்டர், பக்கம் 7: ஒரு சந்தேகம்'. அவருடைய ஆவணம், அதிலும் ஒரு பக்க எண். ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி அனுப்பிய மெயிலில் இது வர முடியாது என்பது பார்த்ததும் புரியும். ஆனால் பக்கம் 7இல் உண்மையிலேயே ஒரு சந்தேகம் இருக்க வேண்டும், மெயிலின் முதல் வரி அதைக் கேட்க வேண்டும்.

## எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்

'திறந்தாரா' என்று காட்டும் கருவிகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவை மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைத்து, அது இறங்கினால் திறந்ததாகக் கணக்கிடுகின்றன. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிக்காவிட்டாலும் அந்தப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. நான் குறித்து வைப்பது இரண்டுதான்: அனுப்பியதிலிருந்து பதில் வர எத்தனை மணி நேரம், வந்த பதில் நான் கேட்டதற்கான பதிலா. 'எதற்காக இது?' என்று திரும்பக் கேட்டால் சப்ஜெக்ட் தோற்றுவிட்டது, மெயில் திறக்கப்பட்டிருந்தாலும்.

## 15ஆம் தேதி மாலை வரை பதில் இல்லை. இப்போது?

இங்கே இன்னொரு தேர்வு வருகிறது. அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு நினைவூட்டுவதா, புது மெயிலா? சப்ஜெக்டை மாற்றினால் ஜிமெயிலில் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், முந்தைய மெயில்கள் அதே உரையாடலில் கூடவே தெரியாது. கெடு தாண்டாதவரை சப்ஜெக்டைத் தொடாமல் ரிப்ளை போடுவதே நல்லது. முதல் வரியில் மட்டும் 'மேடம், நாளை 16. ஆர்டர் போட உங்கள் ஒரு வரி போதும்' என்று எழுதுங்கள். மெயிலின் உள்ளே 'நாளை'யோடு தேதியும் இருப்பதால் குழப்பம் வராது.

16ம் தாண்டிவிட்டால் நிலைமையே வேறு. அப்போது கேட்க வேண்டியது டிஸ்க் ஒப்புதல் இல்லை. டிஸ்க் வந்து பொருத்தும்வரை இருக்கும் இடத்தை எப்படி நீட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்குப் புது மெயில், புது சப்ஜெக்ட்: 'முடிவு 20க்குள்: எந்த பழைய பேக்கப்பை அழிப்பது'. உள்ளே முதல் வரியில் எந்தெந்த மாதத்துக் கோப்புகள், அழித்தால் எத்தனை சதவீத இடம் கிடைக்கும் என்று எழுதி, பழைய மெயிலைக் கீழே இணைத்துவிடுங்கள்.